முடித்தோம் என்பதன் பொருள்

(பள்ளி ஆண்டு விழாவில், ஒரு பருவ வாசிப்புச் சவாலை நிறைவு செய்த மாணவர்களைப் பாராட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்பள்ளி வகுத்த விதி எளியது. 12 வாரங்களில் 6 நூல்கள். நாள்தோறும் 15 நிமிட வாசிப்பு. ஒவ்வொரு நூலுக்கும் குறிப்பேட்டில் தொடங்கிய நாள், முடித்த நாள், மூன்று வாக்கியங்கள். 15 நிமிடத்தை 84 நாட்களுக்குக் கணக்கிட்டால் 21 மணி நேரம் வருகிறது. ஒரு முழு நாள்கூட ஆகவில்லை. ஆயினும் அந்த 21 மணி நேரத்தை 84 துண்டுகளாக்கி, ஒரு துண்டையும் நழுவவிடாது காப்பதே கடினம்.

எண்ணிக்கையை மட்டும் அளவாகக் கொண்டால் ஒரு குறை விளையும். பிள்ளைகள் நூலகத்தில் மெலிந்த நூல்களையே தேடுவார்கள். தடித்த நூலை விரும்பி எடுத்தவன் பின்தங்கிவிடுவான். இதனை உணர்ந்து, 100 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலை இரண்டாகக் கொள்ளலாம் என்று ஆசிரியர்கள் விதி செய்தது மிகப் பொருத்தம்.

குறிப்பேடுகள் சிலவற்றைப் புரட்டிப் பார்த்தேன். நான்காம் வாரத்தில் பலவற்றில் ஒரே நிலை: தொடங்கிய நாள் இருக்கிறது, முடித்த நாள் இல்லை. இதனைச் சோம்பல் என்று கொள்ளலாகாது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் குறிப்பேட்டில் மூன்று வாரங்களாக ஒரே பெரிய சரித்திர நாவலின் பெயர். அவள் எட்டியிருந்ததோ 19ஆம் பக்கம். பெரியோர் புகழக் கேட்டு எடுத்த நூல் அது.

அவளுடைய ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொன்னார். எழுத்துகளெல்லாம் பிழையின்றி வந்தன. ஆனால் ‘கண்டதில்லையென்றான்’ என்னும் சொல்லை அவள் ‘கண்டதி, ல்லையென், றான்’ என்று பிரித்தாள். தமிழில் சொற்கள் புணர்ந்து நீளும்போது, எங்கே பிரிப்பது என்று தெரியாத பிள்ளைக்கு எழுத்து தெரிந்தும் பொருள் தெரியாது. பொருள் தெரியாத பக்கம் நகராது.

ஆசிரியை செய்தவை இரண்டு. அந்நூலை இடையில் விட்டுவிட இசைவு தந்தார். வேறு நூலை எடுக்குமுன், நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கச் சொன்னார். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்நூல் இப்போதைக்கு வேண்டாம். அடுத்து, நாள்தோறும் ஒரு பக்கத்தை வீட்டில் பாட்டிக்குப் படித்துக் காட்டச் சொன்னார். தவறாகப் பிரித்த இடத்தில் பாட்டி “என்னது?” என்று கேட்பார், பேத்தி திரும்பப் படிப்பாள். 12ஆம் வார இறுதியில் ஆறாவது நூலை முடித்தாள். அந்தச் சரித்திர நாவல் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

உண்மையாகப் படித்தார்களா என்று அறிவது எப்படி? கதைச் சுருக்கத்தைக் கேட்டால் பின்னட்டையிலிருந்தே விடை சொல்லிவிடலாம். “எந்த இடத்தில் மீண்டும் பின்னோக்கிப் புரட்டினாய்? யார்மேல் உனக்குக் கோபம் வந்தது?” என்று கேட்க வேண்டும். படித்த பிள்ளை உடனே ஒரு சிறு நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு, கேள்வியை மறந்து பேசிக்கொண்டே போகும்.

ஒரு நூலைப் பல மாதம் படித்து முடிப்பதை விழாவாகக் கொள்வது நமக்குப் புதிதன்று. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராய் இருந்த காலத்தில், சீவக சிந்தாமணியில் தமக்கிருந்த ஐயங்களைத் தீர்க்க அவ்வூர்ச் சமணர் இல்லத்துக்குச் சென்றார். அங்கே விழாக்கோலம் கண்டு காரணம் வினவினார். பல மாதங்களாகக் கூடியிருந்து சிந்தாமணியைப் பாடம் கேட்டு வந்ததாகவும், அன்று அது நிறைவுற்றதாகவும் சொன்னார்கள். ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. சொற்களுக்கிடையே இடமும் இல்லை. ஒருவர் படிக்க, மற்றவர் கேட்க, அறிந்தவர் பிரித்துப் பொருள் சொன்னால்தான் பாட்டு விளங்கும். அவர்கள் துணையால் தெளிவு பெற்றே ஐயர் 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார். பேத்தியும் பாட்டியும் செய்தது அதே வேலைதான்.

ஆகவே தலைமையாசிரியரிடம் இரண்டு வேண்டுகோள். சான்றிதழ் வழங்கும்போது மாணவர் பெயரோடு, அவர் மிக விரும்பிய நூலின் பெயரையும் மேடையில் படியுங்கள். கீழே அமர்ந்திருக்கும் பிள்ளை அடுத்து எதை எடுப்பது என்று அறிந்துகொள்ளும். ஆறு நூல்களை எட்டாதவர்களின் குறிப்பேடுகளைத் திரும்ப வாங்கிவிடாதீர்கள். நான்கில் நின்றவர் அடுத்த பருவத்தில் ஐந்திலிருந்து தொடரட்டும்.

நிறைவு செய்த செல்வங்களுக்கு என் பாராட்டு. உரக்கப் படித்ததைக் காது கொடுத்துக் கேட்ட வீட்டாருக்கும் அதில் சரிபாதி உண்டு.