வெள்ளை அணு லட்சத்தைத் தாண்டினால் மறுநாள்வரை காத்திருக்கலாமா?
(அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு சார்பில் ஆற்றிய உரை)

 

மருத்துவ உதவி கேட்டு வருபவர்கள் எங்களிடம் முதலில் நீட்டுவது லேப் ரிப்போர்ட்டைத்தான். சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்று பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் நாலு நாள் பொறுக்கும். ஆனால் சில ரிப்போர்ட்டுகள் அன்று இரவுகூடப் பொறுக்காது. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று சொல்கிறோம்.

நம் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு வெள்ளை அணுக்கள் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். சளி, காய்ச்சல், சீழ் என்றால் 15,000, 20,000 என்று ஏறும். கடுமையான கிருமித் தொற்றில் அதற்கு மேலும் போகலாம். ஆனால் லட்சத்தைத் தாண்டுவதற்குத் தொற்று மட்டுமே காரணமாக இருப்பது மிக அரிது. அப்போது எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்வி, அவை என்ன அணுக்கள் என்பதுதான்.

வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. அங்கே முழுதாக வளர்ந்த பிறகே இரத்தத்துக்கு வரும். முதிராத ஆரம்பநிலை அணுவுக்கு பிளாஸ்ட் என்று பெயர். நலமாக இருப்பவரின் இரத்தத்தில் பிளாஸ்ட் தென்படாது. ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் மருத்துவர் கண்ணால் பார்ப்பதுதான் ஸ்மியர். எண்ணும் மெஷின் பிளாஸ்டை வேறு அணு என்று நினைத்து, ‘லிம்ஃபோசைட் 85 சதவீதம்’ என்று அச்சடித்துவிடலாம். ஆகவே எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தால், “ஸ்மியரை டாக்டர் பார்த்தாரா?” என்று லேபில் கேளுங்கள். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. எனவே விடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். மேலூர் பக்கம் 32 வயது இளைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரமாகக் காய்ச்சல், பல் துலக்கினால் ஈறில் இரத்தம், காலில் சிவப்புப் புள்ளிகள். ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 7, தட்டணு 18,000, வெள்ளை அணு 1,64,000. ஸ்மியரில் நூறு வெள்ளை அணுக்களை எண்ணினால் 78 பிளாஸ்ட். அதாவது, ஏறக்குறைய 1,28,000 அணுக்கள் வேலை தெரியாத அணுக்கள். மஜ்ஜையின் இடத்தையெல்லாம் அவை பிடித்துக்கொண்டதால்தான் சிவப்பணுவும் தட்டணுவும் குறைந்துவிட்டன. இது தீவிர இரத்தப் புற்றுநோயைக் காட்டும் படம்.

இதில் அவசரம் ஏன்? முதல் காரணம், அடைப்பு. பிளாஸ்ட் பெரியது, எளிதில் வளையாதது. லட்சக்கணக்கில் சேரும்போது நுரையீரலிலும் மூளையிலும் உள்ள நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். மூச்சிரைப்பு, தலைவலி, பார்வை மங்கல், குழப்பமான பேச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். காலையில் நடந்து வந்தவர் இரவில் மூச்சுக்குத் தவிக்கலாம்.

இரண்டாவது, இரத்தக்கசிவு. தட்டணு குறைவது ஒரு பக்கம். சில வகைகளில் இரத்தம் உறையும் முறையே குலைந்துவிடும். ஏ.பி.எல். என்ற வகையில் ஆரம்ப நாட்களில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மூளையில் ஏற்படும் கசிவுதான். ஆனால் அந்த வகைக்கென்றே மாத்திரை இருக்கிறது. ஸ்மியரைப் பார்த்துச் சந்தேகம் வந்ததுமே, மற்ற முடிவுகள் வருமுன் அதைத் தொடங்குவார்கள். அந்தச் சந்தேகம் நிபுணருக்குத்தான் வரும்.

மூன்றாவது, அணுக்கள் உடைவது. உடையும் பிளாஸ்டிலிருந்து யூரிக் அமிலமும் பொட்டாசியமும் இரத்தத்தில் கொட்டும். அது சிறுநீரகத்தை அடைக்கும், இதயத் துடிப்பைக் கெடுக்கும். நிபுணர் முதல் சில மணி நேரத்திலேயே இவற்றை அளந்து, குளுக்கோஸ் அல்லது சலைன் ஏற்றி, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து தந்து, அணுக்களைக் கட்டுப்படுத்தத் தொடங்குவார். மஜ்ஜைப் பரிசோதனை அதற்குப் பிறகுதான். வகை தெரியும்வரை சும்மா இருக்க மாட்டார்கள்.

நம் வீடுகளில் நாள் வீணாவது எங்கே? “மெஷின் தப்பு, இன்னொரு லேபில் பார்ப்போம்” என்பது ஒன்று. சந்தேகம் இருந்தால் பெரிய மருத்துவமனையில் உடனே திரும்ப எடுப்பார்கள். “ஆன்டிபயாட்டிக் ஒரு கோர்ஸ் முடியட்டும்” என்பது இன்னொன்று. மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. கால்வலி, காய்ச்சல் என்று வரும் குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் ஓரிரு நாளில் தெளிவு தெரியும். சில வகை பிளாஸ்ட் அதில் கரைந்துவிடும். நோய் போயிருக்காது, மறைந்திருக்கும். பிறகு வகை கண்டுபிடிப்பதே சிரமமாகிவிடும். அதேபோல் தட்டணு குறைந்தவருக்கு இடுப்பில் ஊசி போட வேண்டாம், ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டாம். ஹீமோகுளோபின் குறைவு என்று அவசரப்பட்டு அருகிலேயே இரத்தம் ஏற்றினால் இரத்தம் இன்னும் கெட்டியாகி அடைப்பு கூடும். எப்போது, எவ்வளவு ஏற்றுவது என்பதை நிபுணரே முடிவு செய்யட்டும்.

இரத்த தானம் பற்றி ஒரு வார்த்தை. உடன்பிறந்தவர்கள் ஓடிவந்து கை நீட்டுவார்கள். பாசம்தான். ஆனால் பின்னால் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டால் அந்தச் சகோதரரே கொடையாளியாக வேண்டியிருக்கும். முன்பே அவர் இரத்தம் ஏற்றியிருந்தால் மஜ்ஜையை உடல் ஏற்காமல் போகும் வாய்ப்பு கூடும். ஆகவே இரத்தமும் தட்டணுவும் ஜமாஅத் இளைஞர்கள் கொடுங்கள், உடன்பிறந்தவர்கள் பொறுத்திருக்கட்டும்.

லட்சத்தைத் தாண்டிய எண்ணிக்கை எல்லாம் ஒரே நோயும் அல்ல. சி.எம்.எல். என்ற நாட்பட்ட வகையில் எண்ணிக்கை 2 லட்சம் இருக்கும், மண்ணீரல் வீங்கி இடப்பக்க வயிறு கனக்கும், ஆனாலும் ஆள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். ஸ்மியரில் பிளாஸ்ட் கொஞ்சமே, வளர்ச்சியின் எல்லாப் படிகளிலும் உள்ள அணுக்கள் கலந்து தெரியும். இதற்கு இமாட்டினிப் மாத்திரை உண்டு. ஒரு காலத்தில் அதன் கம்பெனி மாத்திரைக்கு மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆனது. அந்தக் காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை உறுதி செய்தது. அதனால் நம் நாட்டுத் தயாரிப்பு மாத்திரைகள் அதில் ஒரு சிறு பங்கு விலையில் தொடர்ந்து கிடைக்கின்றன. முறையாகச் சாப்பிடுபவர்களில் பலர் பல ஆண்டுகள் நல்வாழ்வு வாழ்கிறார்கள். இது எந்த வகை என்று பிரித்துச் சொல்லத்தான் நிபுணர் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து நாம் பிரிக்க முடியாது.

ஆகவே ரிப்போர்ட்டில் லட்சக்கணக்கும் ‘பிளாஸ்ட்’ அல்லது ‘முதிராத அணுக்கள்’ என்ற வார்த்தையும் சேர்ந்து வந்தால், அன்றே மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை, நம் பெரிய ஆஸ்பத்திரி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இரத்தநோய் அல்லது புற்றுநோய் நிபுணர் உள்ள வேறு மருத்துவமனையானாலும் சரி. மூச்சிரைப்பு, மயக்கம், இரத்தக்கசிவு இருந்தால் பைக்கில் உட்கார வைக்காமல் 108-ஐ அழையுங்கள். ரிப்போர்ட், ஸ்மியர் தகடு, சாப்பிட்ட மருந்துச் சீட்டு, ஆதார், ரேஷன் கார்டு ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லையே என்று நிற்க வேண்டாம். முதலில் சேருங்கள், அட்டை வேலையை எங்கள் குழு பார்த்துக்கொள்ளும்.

வரன் பார்க்கும் வீடு, நோயின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்ற தயக்கம் எங்களுக்குப் புரிகிறது. எங்களிடம் சொல்வது எங்களோடு நிற்கும். ஓதிப் பார்க்க நினைப்பவர்கள் தாராளமாக ஓதுங்கள், ஆம்புலன்சில் போகும்போதே ஓதுங்கள். ஓதி முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.