பின்னட்டைக் குறிப்பு

தம் நாவலைத் தாமே வெளியிடும் ஆசிரியர், பின்னட்டைக் குறிப்பில் முடிவையும் சொல்லிவிடுவதுண்டு. கதை முழுவதையும் அறிந்தவராதலின், எதை மறைப்பது என்பது அவருக்குப் புலப்படுவதில்லை.

கற்பனையாக ஒரு குறிப்பைப் பார்ப்போம்: "காணாமற்போன கணவன் பெயரில் கமலத்துக்கு மாதந்தோறும் மணியார்டர் வருகிறது. அனுப்புபவன் கணவனின் தம்பியே என்றறிந்து அவள் மன்னிக்கிறாள்."

இரண்டாம் வாக்கியம் இறுதி அத்தியாயத்துக்கு உரியது. அதை நீக்கி, "கூப்பனில் இருப்பதோ அவன் கையெழுத்தன்று. விசாரித்தால் பணம் நின்றுவிடக்கூடும். விசாரிப்பாளா?" என்று எழுதலாம்.

"திடுக்கிடும் மர்மம்" என்பது எந்த நாவலுக்கும் பொருந்தும். ஆகவே நெருக்கடியைத் தெளிவாகச் சொல்லி, விடையை மட்டும் மறைக்க வேண்டும். கதையைப் படியாத நண்பரிடம் குறிப்பைக் காட்டுங்கள். முடிவை அவர் சொல்லிவிட்டால் மீண்டும் திருத்துங்கள்.