டாக்டரும் நீங்க, ஆராய்ச்சியாளரும் நீங்க: பயோ மட்டும் ஒண்ணு

இந்த எபிசோட்ல ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கலாம்: நூறு வார்த்தை பயோ. அதுவும் காலையில நோயாளிகளைப் பார்த்துட்டு, மத்தியானம் ஆராய்ச்சி பண்ற டாக்டர்களோட பயோ.

இந்த ஷோவுக்கு கெஸ்ட்டா வர்றவங்க முதல்ல பயோ அனுப்புவாங்க. அதை நான் மைக்ல வாசிக்கணும். பேப்பர்ல கண்ணால பார்க்கிறப்போ தெரியாத பிரச்சினை, சத்தமா வாசிச்சா உடனே தெரியும். இந்த மாதிரி டாக்டர்களோட பயோக்கள்ல பெரும்பாலும் ஒரே இடத்துல மூச்சு முட்டும். எந்த இடம்னு காட்ட ஒரு கற்பனை டாக்டரை எடுத்துக்கலாம். டாக்டர் க.ன்னு வெச்சுக்குவோம். சர்க்கரை நோய் நிபுணர். சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் வர்ற புண்களுக்கு சிகிச்சை தர்றாங்க. அதைப் பத்தி ஆராய்ச்சியும் பண்றாங்க. அவங்க அனுப்புற பயோ இப்படி இருக்கும்:

"டாக்டர் க., எம்.பி.பி.எஸ்., எம்.டி., பிஎச்.டி., பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ள சர்க்கரை நோய் நிபுணர். தினமும் ஏராளமான நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து வருகிறார். மேலும் இவர் ஒரு ஆராய்ச்சியாளரும் ஆவார். பல சர்வதேச இதழ்களில் கட்டுரைகள் வெளியிட்டுள்ளார். பல மாநாடுகளில் உரையாற்றியுள்ளார்."

இதுல ஒரு வரிகூடப் பொய் இல்ல. ஆனா "மேலும்"ங்கிற அந்த ஒரு சொல்லைக் கவனிங்க. அதுக்கு முன்னாடி ஒரு ஆள், அதுக்குப் பின்னாடி இன்னொரு ஆள். கேட்கிறவர் முதல் ஆளை மனசுல உட்கார வெச்சு முடிக்கிறதுக்குள்ள, அவரை எழுப்பிட்டு இன்னொருத்தரை உட்கார வைக்கிறோம். நம்ம கோட் பாஷையில இது காண்டெக்ஸ்ட் ஸ்விட்ச். அதுக்கு ஒரு விலை உண்டு.

விலைன்னா என்னன்னு பார்ப்போம். இந்தப் பயோவை வாசிக்கிற ஒரு நோயாளியோட மகன், "முழு நேர டாக்டரா, இல்ல பாதி நேரம் லேப்ல இருப்பாங்களா?"ன்னு யோசிப்பான். இன்னொருத்தர், "ஆராய்ச்சின்னா எங்க அப்பா மேலயே மருந்து டெஸ்ட் பண்ணுவாங்களோ?"ன்னு பயப்படுவார். அந்தப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக் குழுவோட தலைவர் வாசிச்சா, "கிளினிக்ல பிஸியா இருக்கிறவங்க, பேப்பர்ல பேரு மட்டும் இருக்கும்"னு முடிவு பண்ணிடுவார். மூணு பேரும் தப்பாதான் புரிஞ்சுக்கிறாங்க. ஆனா அந்த இடைவெளியை விட்டு வெச்சது பயோதான்.

இதை எப்படிச் சரி பண்றது? வேலையிலிருந்து ஆரம்பிக்காம, கேள்வியிலிருந்து ஆரம்பிக்கணும். ரெண்டு வேலைக்கும் பொதுவா ஒரு கேள்வி இருந்தா, அதுதான் பயோவோட முதுகெலும்பு.

வரலாற்றுல இதுக்கு ஒரு நல்ல உதாரணம் டெனிஸ் பர்கிட். உகாண்டாவில, கம்பாலா நகரத்துல வேலை பார்த்த அறுவை சிகிச்சை மருத்துவர். சின்னக் குழந்தைகளுக்குத் தாடையில வர்ற ஒரு வகைக் கட்டியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். 1958-ல அதைப் பத்தி எழுதினார். 1961-ல ரெண்டு நண்பர்களோட ஒரு காரை எடுத்துக்கிட்டு ஏறக்குறைய 10,000 மைல் சுத்தி, எந்த ஊர் மருத்துவமனையில இந்தக் கட்டி வருது, எதுல வரலைன்னு வரைபடம் போட்டார். அவர் லண்டன்ல கொடுத்த ஒரு பேச்சைக் கேட்ட ஆண்டனி எப்ஸ்டைன் அந்தக் கட்டியில வைரஸைத் தேட ஆரம்பிச்சார். 1964-ல எப்ஸ்டைன்-பார் வைரஸ் பத்தின கட்டுரை வந்தது.

பர்கிட்டுக்கு நாம ஒரு பயோ எழுதினா, "அறுவை சிகிச்சை மருத்துவர், மேலும் ஆராய்ச்சியாளர்"னு எழுதுவோமா? எழுத மாட்டோம். "உகாண்டாக் குழந்தைகளின் தாடையில் வந்த கட்டி எங்கெங்கே வருகிறது என்று தேடிப்போன அறுவை சிகிச்சை மருத்துவர்"னு ஒரே வாக்கியத்துல முடிஞ்சுடும். சிகிச்சை, ஆராய்ச்சி ரெண்டும் அதுக்குள்ளேயே இருக்கு. கேட்கிறவருக்கு ஒரே ஆள்தான் தெரிவார்.

இப்போ டாக்டர் க.கிட்ட வருவோம். அவங்ககிட்ட மூணு கேள்வி கேட்கணும். உங்க கிளினிக்ல மறுபடி மறுபடி எந்த நோயாளி வர்றாங்க? அவங்களைப் பார்க்கிறப்போ உங்களுக்குப் பதில் தெரியாத ஒண்ணு எது? அந்தப் பதிலுக்காக நீங்க என்ன பண்றீங்க?

அவங்க சொல்றதா வெச்சுக்குவோம்: "புண் ஆறி வீட்டுக்குப் போனவங்களே திரும்ப வர்றாங்க." இது உண்மையான பிரச்சினை. காலில் வந்த புண் ஆறினவங்கள்ல ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள மறுபடி வருதுன்னு மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. காலில் உணர்ச்சி குறைஞ்சுபோச்சான்னு பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. 10 கிராம் அழுத்தத்துல வளையற ஒரு நைலான் இழை. அதுக்குப் பேரு மோனோஃபிலமென்ட். நோயாளி கண்ணை மூடிக்கணும். பாதத்துல சில இடங்கள்ல அந்த இழையால தொடுவாங்க, தெரியுதான்னு கேட்பாங்க. தெரியலைன்னா, செருப்புக்குள்ள ஒரு கல் இருந்தாக்கூட அவருக்குத் தெரியாம போகலாம். டாக்டர் க. கிளினிக்ல செய்யறது இந்தச் சோதனை. ஆராய்ச்சியில தேடறது, இந்தச் சோதனை மாதிரியான விவரங்களை வெச்சு யாருக்குப் புண் திரும்பும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமான்னு.

இப்போ பயோவை எழுதலாம்:

"காலில் ஒருமுறை புண் ஆறிய சர்க்கரை நோயாளிகளில் யாருக்கு அது மறுபடி வரும் என்பதை முன்பே அறிய முயல்பவர் டாக்டர் க. சர்க்கரை நோய் நிபுணரான அவர் வாரத்தில் நான்கு நாள் கால் பராமரிப்பு கிளினிக்கில் நோயாளிகளைப் பார்க்கிறார். அங்கே எழும் கேள்விகளையே மற்ற இரண்டு நாளும் ஆராய்கிறார். பொது மருத்துவத்தில் எம்.டி. பட்டமும், பாத நரம்புப் பாதிப்பு பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டமும் பெற்றவர்."

என்ன மாறியிருக்கு? முதல் வாக்கியத்துல கேள்வி. ரெண்டாவதுல அவங்க டாக்டர்ங்கிறது, கூடவே எத்தனை நாள் நோயாளிகளைப் பார்க்கிறாங்கங்கிற கணக்கு. "முழு நேரமா?"ன்னு யோசிச்ச மகனுக்கு அதுல பதில் இருக்கு. மூணாவதுல ஆராய்ச்சி வருது. ஆனா "அங்கே எழும் கேள்விகளையே"ங்கிற சொற்கள் அதை கிளினிக்கோட கட்டிப்போடுது. பட்டங்கள் கடைசியில. "பல இதழ்கள், பல மாநாடுகள்" போயிடுச்சு; எந்த டாக்டரோட பயோவுல போட்டாலும் பொருந்தற வரி யாரையும் அடையாளம் காட்டாது.

பட்டத்துல தமிழுக்கு ஒரு வசதி இருக்கு. இங்கிலீஷ்ல எம்.டி. படிச்சவரும் டாக்டர், பிஎச்.டி. முடிச்சவரும் டாக்டர். நமக்கு மருத்துவர், முனைவர்னு ரெண்டு சொல் இருக்கு. ஆனா ரெண்டையும் பேருக்கு முன்னாடி அடுக்கி "மருத்துவர் முனைவர் க."ன்னு போட்டா பிளவு முதல் சொல்லுலயே ஆரம்பிச்சுடும். முன்னாடி ஒண்ணே போதும். இன்னொண்ணு கடைசி வாக்கியத்துல வரட்டும். வெளிநாட்டு வாசகர் இருந்தா இன்னொரு விஷயம்: நம்ம ஊர்ல எம்.டி.ங்கிறது எம்.பி.பி.எஸ்.க்கு மேல படிக்கிற சிறப்புப் படிப்பு. அமெரிக்காவுல அது டாக்டர் ஆகறதுக்கான அடிப்படைப் பட்டம். அதனால எந்தத் துறையில எம்.டி.ன்னு சொல்லிடணும்.

எழுதின பயோ சரியா வந்திருக்கான்னு எப்படித் தெரியும்? ஆராய்ச்சி பத்தின வரியை எடுத்துட்டு மிச்சத்தை வாசிங்க. எதுவுமே குறையாத மாதிரி இருந்தா, அந்த வரி ஒட்டவே இல்லை, சும்மா பக்கத்துல நின்னிருக்குன்னு அர்த்தம். அப்புறம் துறை தெரியாத ஒருத்தருக்கு சத்தமா வாசிச்சுக் காட்டி, "இவங்க என்ன பண்றாங்க?"ன்னு கேளுங்க. "டாக்டரா இருக்காங்க, அப்புறம் ஏதோ ஆராய்ச்சியும் பண்றாங்க"ன்னு வந்தா பயோ இன்னும் ரெண்டாதான் இருக்கு. "சர்க்கரைக் கால்புண் திரும்ப வராம பார்க்கிறாங்க"ன்னு வந்தா ஒண்ணாயிடுச்சு.

இந்த முறைக்கு எல்லை உண்டு. பகல்ல தோல் நோய் பார்க்கிற ஒரு டாக்டர், ராத்திரி பழைய மருத்துவச் சுவடிகளை ஆராய்றார்னு வைங்க. அங்கே பொதுக் கேள்வி இல்லாம இருக்கலாம். இல்லாத பாலத்தை எழுத்துல கட்டினா வாசகர் மோப்பம் பிடிச்சுடுவார். அந்த இடத்துல எந்த வேலைக்காக அவரைக் கூப்பிட்டிருக்காங்களோ அது மூணு வாக்கியம், இன்னொண்ணு கடைசியில நேரடியா ஒரு வாக்கியம். அவ்வளவுதான்.

இன்னொரு எல்லை இதைவிட முக்கியம். பயோவுல ரெண்டு வேலையும் ஒண்ணாத் தெரியலாம். ஆனா நோயாளிக்கு முன்னாடி அது ஒண்ணு இல்ல. சிகிச்சைன்னா அந்த ஒருத்தருக்கு எது நல்லதோ அதைச் செய்யறது. மருந்துச் சோதனைன்னா எல்லாருக்குமான ஒரு பதிலைத் தேடறது. அதுல யாருக்கு எந்த மருந்துன்னு பல சமயம் குலுக்கல் முறையிலதான் முடிவாகும். இந்த வித்தியாசம் புரியாம, "நம்ம டாக்டர் நமக்கு நல்லதுக்குத்தான் இதுல சேர்க்கிறார்"னு நோயாளிகள் நம்பிடறது மருத்துவ அறத்துல ரொம்ப நாளா பேசப்படற ஒரு ஆபத்து. அதனால "நோயாளிகளுக்குத் தன் ஆராய்ச்சியின் பலனை நேரடியாக வழங்குகிறார்"ங்கிற மாதிரி வரி அழகா இருந்தாலும் வேண்டாம். மருத்துவமனைப் பக்கத்துல வர்ற பயோவா இருந்தா, "ஆய்வில் சேருவது நோயாளியின் விருப்பம், சேராவிட்டாலும் சிகிச்சை மாறாது"ன்னு பயோவுக்குக் கீழ தனி வரியா போடலாம். பயோவுக்குள்ள நுழைச்சா அது விளம்பரம் மாதிரி ஆயிடும். நோயாளிகளை விளம்பரம் மூலமா ஈர்க்கக் கூடாதுன்னு 2002-ம் வருஷ இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளே சொல்லுது. "தலைசிறந்த", "முதன்முறையாக" மாதிரி சொற்களை டாக்டர் பயோவுல நான் வெட்டறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

உங்க வீட்டுல, ஃப்ரெண்ட்ஸ்ல இப்படி ரெண்டு வேலை பார்க்கிற டாக்டர் யாராவது இருந்தா, அவங்க பயோவை எடுத்து அந்த "மேலும்" எங்கே இருக்குன்னு தேடிப் பாருங்க. அதுக்கு ரெண்டு பக்கமும் எந்த நோயாளி பொதுவா இருக்கார்னு அவங்ககிட்டயே கேளுங்க. கிடைக்கிற பதில்தான் முதல் வாக்கியம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.