பட்டை நின்றால் பதற வேண்டாம்



போன மாசம் கடன் விண்ணப்பத்துக்காக எங்க குழுவின் தீர்மானப் பக்கத்தைப் போட்டோ எடுத்து போனில் ஏற்றினேன். பட்டை 60 சதவீதத்தில் நின்றுவிட்டது. பதறிப்போய் ரத்து செய்து மறுபடி அனுப்பினேன். மூன்று தடவையும் முதலிலிருந்துதான் ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் வீண்!

பிறகுதான் கணக்குப் போட்டேன். போட்டோ 5 எம்பி. சிக்னல் குறைந்து நொடிக்கு 20 கேபிதான் போகுதென்றால், நாலு நிமிஷத்துக்கு மேல் ஆகும். நான் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை.

பல போன்களில் நெட் வேகத்தை மேலே காட்டும்படி செட்டிங்கில் வைக்கலாம். மற்ற ஆப்களை மூடிவிட்டு அதைப் பாருங்க. எண் மாறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் போட்டோ போய்க்கொண்டிருக்கிறது, காத்திருங்க. ஐந்து நிமிஷமாகப் பூஜ்யத்திலேயே நின்றால் பெரும்பாலும் அறுந்திருக்கும். சிக்னல் உள்ள இடத்துக்குப் போய் மறுபடி அனுப்புங்க.

பட்டை 100-ஐத் தொட்டு நின்றால் மட்டும் உடனே மறுபடி அழுத்தாதீங்க. போட்டோ போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வராமல் இருக்கலாம். விண்ணப்பப் பட்டியலைத் திறந்து, பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்க. இல்லையென்றால் ஒரே விண்ணப்பம் இரண்டாகப் பதிவாகிவிடலாம்.