குழல் விளக்கில் ஸ்டார்ட்டர் இறுகிக்கொண்டால்

குழல் விளக்கின் இரு முனைகளும் செந்நிறமாய்க் கனன்றுகொண்டிருக்க, நடுப்பகுதி ஒளி பெறாமல் கிடப்பதை நாம் பலரும் கண்டிருப்போம். பெரும்பாலும் அதற்குக் காரணம் ஸ்டார்ட்டர் என்னும் சிறு குப்பியே. அதனுள்ளே ஒரு கண்ணாடிக் குமிழும், அக்குமிழுக்குள் சூடேறினால் வளையும் ஓர் உலோகத் தகடும் இருக்கின்றன. அத்தகடு எதிர் முனையோடு ஒட்டிக்கொண்டு விடுபடாமற்போனால், முனைகள் கனலுமே தவிர விளக்கு ஏற்றம் பெறாது. குமிழுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கண்டன்ஸரும் உண்டு. விளக்கு ஏறும்போது வானொலியில் சடசடவென்ற இரைச்சல் எழாமல் தடுப்பது அதன் தொழில். ஆகையால் நமக்கும் அது வேண்டியதுதான்!

பழைய ஸ்டார்ட்டரை எடுத்துப் புதியதை வைப்பது அரை நிமிட வேலை. ஆனால், மாட்டுங்காவில் நாற்பது ஆண்டுப் பழைய கட்டடம் ஒன்றின் சமையலறையை எண்ணிப் பாருங்கள். தாளிப்பின் எண்ணெய்ப் புகை படிந்து பிசினாகியிருக்கிறது. கடற்காற்றினால் பித்தளைத் தொடுமுனைகள் பச்சை பூத்திருக்கின்றன. பல்லாண்டுச் சூட்டினால் பிளாஸ்டிக் குழி மொரமொரத்துப் போயிருக்கிறது. அங்கே ஸ்டார்ட்டர் அசையாது.

முதற்கண் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பழைய கட்டடங்களில் சுவிட்சை நியூட்ரல் கம்பியில் இணைத்திருப்பதுண்டு. அப்போது விளக்கு அணைந்திருந்தாலும் குழியில் மின்சாரம் இருக்கும். விளக்கு ஏறாத நிலையில் சுவிட்சைப் போட்டுவைத்தால், ஸ்டார்ட்டரின் இரு முனைகளுக்கிடையே ஏறக்குறைய 230 வோல்ட்டு முழுதும் நிற்கக்கூடும். ஆகவே மெயின் சுவிட்சையே கீழே தள்ளுங்கள். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது: மெயினை அணைத்த மறுகணமே அது விழித்துக்கொண்டு, அதே விளக்குக் கம்பிகளுக்கு மின்சாரம் அனுப்பிவிடும். அதன் சுவிட்சையும் அணைத்தே ஆகவேண்டும். பிறகு அந்த அறையின் மின்விசிறியையும் மற்ற விளக்குகளையும் போட்டுப் பாருங்கள், ஒன்றும் இயங்கக்கூடாது. டெஸ்ட்டர் இருந்தால், மெயினை அணைப்பதற்கு முன்பே மின்சாரமுள்ள ஒரு பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எரியாத டெஸ்ட்டரை நம்பி ஏணியேறுவது வீண் துணிச்சல்.

இனி, அசையாத மர முக்காலியில் ஏறி, வேறொருவர் டார்ச்சு பிடிக்க, குழலை முதலில் கழற்றிக் கீழே தருவோம். அதைக் கால்வட்டம் சுழற்றினால் முனைகள் வெளிவரும். இதைச் செய்யாமல் ஸ்டார்ட்டரோடு மல்லுக்கு நின்றால், கை வழுக்கிக் குழலில் மோதும். உடைந்த குழலில் சிறிதளவு பாதரசமும் உண்டு.

ஸ்டார்ட்டரின் அடியில் காளான் தலைபோன்ற இரண்டு முளைகள் இருக்கின்றன. அவை குழியின் அகன்ற துளை வழியே நுழைந்து, குறுகிய பிளவுக்குள் திரும்பிப் பூட்டிக்கொள்கின்றன. ஆகவே நேராக இழுப்பதில் பயனில்லை. சற்றே உள்ளே அழுத்தி, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் கால்வட்டம் திருப்பி, அதன் பின்னரே இழுக்க வேண்டும். விரல் வழுக்கினால் சைக்கிள் டியூப் துண்டொன்றைச் சுற்றிப் பிடிக்கலாம். ஒரேயடியாக முறுக்காமல், வலப்புறம் மயிரிழை, இடப்புறம் மயிரிழை என்று ஆட்டிக்கொண்டே வந்தால் பிசின் பிடி விடும். மற்றொரு கை குழியை அசையாமல் பற்றியிருக்கட்டும். ஸ்டார்ட்டரோடு குழியும் சேர்ந்து சுழன்றால் உள்ளே கம்பி முறுகி அறுந்துபோகும். அதைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். எண்ணெய் விட வேண்டாம். அது தூசியைச் சேர்த்து மறுபடி பிசினாகும்.

சில வேளைகளில் மேல் உறை மட்டும் கையோடு வந்து, அடித்தட்டு குழியிலேயே தங்கிவிடும். குறடு பயன்படுவது அப்போதுதான். கண்ணாடிக் குமிழை உடைக்காமல் ஒதுக்கி, கூர்மூக்குக் குறட்டால் தட்டின் விளிம்பைப் பற்றி, அதே இடத்திசையில் திருப்பினால் வரும். முழு ஸ்டார்ட்டரையும் குறட்டால் நெரித்தால் உறை நசுங்குமே ஒழியப் பூட்டுத் திறவாது.

வெளிவந்தபின் குழிக்குள் டார்ச்சு அடித்துப் பாருங்கள். கருகிய தடமோ வெடிப்போ தென்பட்டால் புது ஸ்டார்ட்டரை அதில் வைக்கக்கூடாது. மின்தொழிலாளரைக் கொண்டு குழியையே மாற்றிவிடுங்கள். குழி நன்றாயிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, தனியாய் எரியும் நாலடி விளக்குக்கு 4 முதல் 65 வாட் வரை என்று அச்சிட்ட ஸ்டார்ட்டரை வைத்து, கடிகார முள் திசையில் திருப்புங்கள். மெல்ல இழுத்தால் வராதிருக்க வேண்டும். அதன் பிறகு குழலை மாட்டி, முக்காலியிலிருந்து இறங்கி, மெயினைப் போடலாம்.