ஜாதகம் கேட்பதும் ஒரு பக்குவம்

மும்பை சுனாபட்டியில் பெண் வீடு, திருநெல்வேலியில் பையன் வீடு என்று வைத்துக்கொள்வோம். போட்டோ பிடித்துப்போய்விட்டது. அடுத்து ஜாதகம் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது?

"ஜாதகம் அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றோம்" என்றால் பரீட்சை வைப்பதுபோல இருக்கும். "அண்ணாச்சி, எங்க பொண்ணு ஜாதகத்தை அனுப்பியிருக்கோம். உங்களுக்கு நம்பிக்கை உண்டுன்னா, தம்பி ஜாதகமும் கொடுங்க. ரெண்டு பேரும் பார்த்துட்டு மேற்கொண்டு பேசுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் நாம் கொடுத்துவிட்டால், கேட்பது உறுத்தாது. இதைப் பெண் பார்க்கப் போவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்ட பிறகு கேட்டால், சாக்குத் தேடுவதாகத் தோன்றும்.

பிறந்த தேதி, நேரத்தோடு ஊரையும் கேளுங்கள். மும்பை சயானில் பிறந்த பெண்ணுக்கு, ஊர் ஜோசியர் திருநெல்வேலி என்று போட்டுக் கணித்திருக்கலாம். மும்பை மேற்கே இருப்பதால் ஏறக்குறைய 20 நிமிட வித்தியாசம் வரும். நட்சத்திரம் மாறாது, அதனால் நட்சத்திரப் பொருத்தமும் மாறாது. ஆனால் லக்னம் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை ராசி மாறும். மாறுகிற நேரத்தை ஒட்டிப் பிறந்திருந்தால், லக்னமே வேறாகிவிடும். லக்னத்திலிருந்து எண்ணுகிற செவ்வாய் தோஷமும் வரும், போகும்.

நள்ளிரவு தாண்டிப் பிறந்தவர்களிடம் கிழமையையும் கேளுங்கள். செவ்வாய் விடியற்காலை 2 மணிக்குப் பிறந்தால், ஜாதகத்தில் திங்கட்கிழமைதான். சூரியன் உதித்தால்தான் அங்கே அடுத்த நாள்.

பொருந்தவில்லையா? தோஷத்தை விவரிக்க வேண்டாம். "ஜாதகம் சேரலைங்க" என்ற ஒரு வார்த்தையை, காக்க வைக்காமல் சொல்லிவிடுங்கள்.