நிலுவையில் நிற்கும் வங்கிக் கணக்கு

பசறையிலோ அப்புத்தளையிலோ தோட்டத்தில் வாழும் பெண்ணொருத்தி பதுளை நகரத்து வங்கியில் புதிய கணக்குக்கு விண்ணப்பித்தபின், அடையாளச் சரிபார்ப்பு நிலுவையில் உள்ளதென்ற பதில் மட்டுமே வந்துகொண்டிருப்பின், அவள் முதற்கண் பரிசோதிக்க வேண்டியது தன் அடையாள அட்டை இலக்கத்தையே.

அவ்விலக்கத்தினுள் பிறந்த தினம் அடங்கியிருக்கிறது. 1985ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி பிறந்தவளாயின், பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் வைத்து எண்ணும் முறைப்படி அது 123ஆம் நாளாகும். பெண்களுக்கு 500 கூட்டப்படுவதால், பழைய அட்டையின் இலக்கம் 85623 என்று ஆரம்பிக்கும். விண்ணப்பத்தில் மே 3 என்று எழுதப்பட்டிருந்தால் கணக்கு ஒவ்வாது நிற்கும். தவறு விண்ணப்பத்திலாயின் வங்கியிலேயே திருத்தலாம். பிறப்புச் சான்றிதழிலாயின் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் அதனைத் திருத்தி, அதன்பின் தோட்ட அதிகாரியோ கிராம உத்தியோகத்தரோ அத்தாட்சிப்படுத்திய விண்ணப்பத்தோடு ஆட்பதிவுத் திணைக்களத்தை நாடுதல் வேண்டும். இவ்வரிசையை மாற்றினால் பிரயாணமும் கூலிநாளும் வீணாகும் என்பதே என் கவலை.

பழைய இலக்கத்தைப் பன்னிரண்டு இலக்கமாக மாற்றும்போது, முன்னே 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களின் பின் ஒரு பூச்சியம் இட்டு, இறுதி எழுத்தை நீக்க வேண்டும். அந்தப் பூச்சியத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பெயரெழுத்து வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் முன் செய்த சத்தியக்கடதாசியை வங்கி ஏற்குமா என்பதை முன்னரே விசாரித்தறிக. லயன் வீட்டுக்குத் தன் பெயரில் மின்கட்டணப் பட்டியல் இல்லாதவர், பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழைக் கொண்டுசெல்லலாம்.